ராடுக்கும் கேக்குக்கும் நடுவே ஏழு சென்டிமீட்டர்

மேலே கருகிவிட்டது, நடுவில் குச்சியை விட்டால் பச்சை மாவு ஒட்டுகிறது. சின்ன ஓ.டி.ஜி. வாங்கி முதன்முதலாகக் கேக் சுடும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. மைதாவைச் சலித்தது சரி, வெண்ணெயை நுரைக்க அடித்தது சரி, முட்டையும் புதிதுதான். அப்படியும் கேக் இப்படி ஆனால் பழி பேக்கிங் பவுடர் மேல் விழும், அல்லது அடித்தவரின் கை மேல் விழும். பெரும்பாலும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் செய்முறையை எழுதியவர் 60 லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும் பெரிய அவனில் சுட்டுப் பார்த்து எழுதியிருப்பார். நம் சமையல் மேடையில் இருப்பது 16 அல்லது 19 லிட்டர் பெட்டி. செய்முறையில் உள்ள வெப்பமும் நேரமும் அந்தப் பெரிய அவனுக்கு உரியவை. அவற்றை நம் பெட்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெரிய அவன்கள் பலவற்றில் கீழ்ப்பக்கச் சூடாக்கி தரைத் தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். மேல்பக்கச் சூடாக்கி கேக்கிலிருந்து ஒரு சாண் அளவுக்காவது தள்ளி இருக்கும். அங்கே கேக்கைச் சுடுவதில் பெரும்பங்கு சூடான காற்றுக்கும், பெட்டியின் எல்லாச் சுவர்களிலிருந்தும் சமமாக வரும் வெப்பத்துக்கும் உரியது. சின்ன ஓ.டி.ஜி.யைத் திறந்து பாருங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு ராடுகள் இடமிருந்து வலமாக, மறைப்பு எதுவும் இல்லாமல் ஓடுகின்றன. அவை செந்நிறமாகப் பழுத்தால், எதிரே எது தெரிகிறதோ அதன் மேல் வெப்பம் நேராகப் பாய்கிறது. இதற்குக் காற்று தேவையில்லை. மார்கழிக் காலையில் நெருப்புக்கு முன்னால் குளிர்காய்கிறவருக்கு நெஞ்சு சுடும், முதுகு சில்லென்று இருக்கும். அவரைச் சுற்றியிருக்கும் காற்று இரண்டு பக்கமும் ஒன்றுதான், நெருப்பைப் பார்த்த பக்கம் மட்டும் சுடுகிறது. சின்னப் பெட்டிக்குள் கேக்கின் மேற்பரப்புக்கு நடப்பதும் இதுவே. தட்டை எங்கே வைப்பது, எத்தனை நிமிடம் வைப்பது, எப்போது திருப்புவது என்ற மூன்று கேள்விக்கும் விடை இங்கிருந்துதான் வருகிறது.

ராடுகள் எப்போது பழுக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். குமிழை 180-இல் வைத்தால் பெட்டி 180 டிகிரியில் அசையாமல் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் ஒரு எளிய உலோகப் பட்டை. சூடு ஏறினால் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் நிமிர்ந்து மறுபடி இணைக்கும். ஆகவே ராடுகள் முழு வேகத்தில் எரிகின்றன, பிறகு மொத்தமாக அணைகின்றன. இடைநிலை என்று ஒன்று கிடையாது. இந்த ஏற்ற இறக்கம் 20 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தப் பட்டை இருப்பதும் கேக்கின் பக்கத்தில் இல்லை, குமிழ்களுக்குப் பின்னால் பக்கச் சுவரை ஒட்டி. குமிழ் 180 என்று காட்டும்போது நடுவில் 160 இருக்கலாம், 200-ம் இருக்கலாம். உள்ளே நிற்க வைக்கும் சின்ன அவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கம்பி வலையின் நடுவில் வைத்து, ராடுகள் இரண்டு மூன்று முறை எரிந்து அணைந்த பிறகு படித்தால் உங்கள் பெட்டியின் உண்மையான கணக்கு தெரிந்துவிடும். சின்ன ஓ.டி.ஜி.க்கு முதலில் வாங்க வேண்டிய துணைக்கருவி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அச்சுகளும் அலங்கார நாசில்களும் அப்புறம் வரட்டும்.

பெட்டி முதலில் சூடாகும்போது ராடுகள் இடைவிடாமல் எரியும். அந்த நேரத்தில் கேக்கை உள்ளே வைத்தால் அதன் தலையில் முழுச் செந்தணலும் பல நிமிடம் தொடர்ந்து விழும். அதனால்தான் முன்கூட்டிச் சூடாக்கும் வேலையைச் சின்னப் பெட்டியில் தவிர்க்கவே கூடாது. விளக்கு ஒருமுறை அணைந்ததும் வைத்துவிடாமல், சுவர்களிலும் சூடு ஊறும் வரை இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்து, ராடு அணைந்திருக்கும் வேளை பார்த்து வைப்பது நல்லது. கதவைத் திறந்த நொடியில் உள்ளிருக்கும் கொஞ்சம் காற்றும் வெளியே போய்விடும். உடனே தெர்மோஸ்டாட் ராடுகளை எரியவிடும். சுவர்கள் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த எரிதல் சீக்கிரம் அடங்கும்.

இனி ஒரு கேக்கையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். செய்முறையில் இப்படி இருக்கிறது: மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 200 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், 8 அங்குல வட்ட டின், 180 டிகிரி, 40 முதல் 45 நிமிடம். நம்மிடம் இருப்பது 19 லிட்டர் பெட்டி. 8 அங்குல டின் உள்ளே நுழையலாம், ஆனால் சுவருக்கும் டின்னுக்கும் நடுவே காற்று சுற்றிவர இடம் வேண்டும். எல்லாப் பக்கமும் 2, 3 சென்டிமீட்டராவது விடவேண்டும் என்றால் 7 அங்குல டின்தான் வசதி. வட்ட டின்னின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஏழேழு 49, எட்டெட்டு 64, அதாவது ஏறக்குறைய முக்கால் பங்கு. கணக்கு அழகாக அமைகிறது: மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 150 கிராம், முட்டை 3, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். கலவையைக் குறைக்காமல் முழுவதையும் சின்ன டின்னில் ஊற்றினால் உயரம் கூடும். உயரம் கூடினால் கேக்கின் தலை ராடை நெருங்கும், நடுப்பகுதி வேக நேரமும் பிடிக்கும். மேலே சொன்ன புகாரின் பாதி இங்கிருந்து வருகிறது.

அடுத்தது தட்டின் இடம். ‘நடுத் தட்டில் வைக்கவும்’ என்று எல்லாச் செய்முறைகளும் சொல்லும். பெரிய அவனில் தட்டு நடுவில் இருந்தாலும் கேக் நடுவில் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னதில் அந்த வித்தியாசம் கேக்கையே கெடுத்துவிடும். பெட்டி குளிர்ந்து, பிளக்கைப் பிடுங்கியிருக்கும்போது ஒரு அளவுகோலை உள்ளே நிறுத்திப் பாருங்கள். கீழ் ராடுக்கும் மேல் ராடுக்கும் நடுவே 18 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி வலையைச் சரிபாதியில், 9 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டினால், 5 சென்டிமீட்டர் உப்பிய கேக்கின் தலை 14-க்கு வந்துவிடும். மேல் ராடுக்கு மிச்சம் 4 சென்டிமீட்டர்தான். வலையை ஒரு படி இறக்கி 6 சென்டிமீட்டரில் மாட்டினால் கேக்கின் தலை 11-இல் நிற்கும், இடைவெளி 7 சென்டிமீட்டர் ஆகும். நீளமான ராடிலிருந்து வரும் வெப்பம் தூரம் கூடக்கூட ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். ஆகவே ராடுக்கு நேர் கீழே இருக்கும் இடத்தில், 4 சென்டிமீட்டர் தொலைவில் விழும் சூடு 7 சென்டிமீட்டரில் விழுவதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. குமிழ் காட்டும் எண் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கும்.

அளக்கும்போது மறக்கக்கூடாத ஒன்று உண்டு. டின்னில் கலவையை ஊற்றியபோது இருக்கும் உயரத்தை வைத்து அளப்பது பயன்படாது, உப்பி எழுந்த பிறகு இருக்கப்போகும் உயரத்தை வைத்து அளக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் ஊற்றிய வெண்ணெய்க் கேக் 5 வரை எழும்பும். எழும்ப எழும்ப அது ராடை நெருங்குகிறது, நெருங்க நெருங்க மேற்பரப்பு வேகமாகச் சிவக்கிறது. அதிக நெருக்கத்தில் இன்னொரு கேடும் நடக்கிறது. மேல் தோல் சீக்கிரம் வெந்து இறுகிவிடும், உள்ளே பேக்கிங் பவுடர் இன்னும் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். அந்த வாயுவுக்குப் போக வழி வேண்டும். இறுகிய தோலை நடுவில் பிளந்துகொண்டு ஈர மாவு குமுறி வெளியே வரும். கேக் கூம்பிப் பிளந்தால் பேக்கிங் பவுடரைக் குறைக்க வேண்டும் என்று உடனே முடிவு கட்டாமல், முதலில் ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

இறக்கினால் அடிப்பக்கம் கீழ் ராடை நெருங்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டின்னின் அடி உலோகம் என்பதால் சூட்டை ஓரளவு பரப்பிவிடும், அதனால் மேற்பரப்பைவிட அடி கொஞ்சம் தாங்கும். ஆனால் கறுப்பு டின் தன் மேல் விழும் வெப்பத்தை அதிகமாக உறிஞ்சும், பளபளப்பான அலுமினிய டின் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பாத்திரக் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை அலுமினிய டின்னே சின்னப் பெட்டிக்கு ஏற்றது. அதிலும் அடி கறுத்தால், பெட்டியோடு வந்த தட்டைக் காலியாக ஒரு படி கீழே, கீழ் ராடுக்கும் டின்னுக்கும் இடையில் செருகுங்கள். ராடின் நேர்ப்பார்வை மறைந்துவிடும், அடிக்குச் சூடு தட்டின் வழியாகவும் காற்றின் வழியாகவும் மெதுவாக வரும். கேக் டின்னையே அந்தத் தட்டின் மேல் உட்கார வைப்பது வேறு. அப்படி வைத்தால் அடியில் காற்று புகாமல் நடுப்பகுதி வேகத் தாமதமாகும். டின் எப்போதும் கம்பி வலை மேல்தான் இருக்க வேண்டும்.

வெப்பத்தை 180-லிருந்து 165-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். பாரன்ஹீட்டில் 350 என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 177 செல்சியஸ், அதிலும் 10 முதல் 15 டிகிரி குறைக்கலாம். விசிறி உள்ள ஓ.டி.ஜி.யில் விசிறியை ஓடவிட்டால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். வெப்பத்தைக் குறைத்தால் நேரம் கூடவேண்டுமே, சின்னப் பெட்டிக்கு நேரம் குறையும் என்கிறார்களே என்ற குழப்பம் இங்கே வரும். டின் சின்னது, எல்லாப் பக்கச் சூடும் பக்கத்திலேயே இருக்கிறது. இவை நேரத்தைக் குறைக்கின்றன. குறைத்த வெப்பம் அதைச் சற்று நீட்டுகிறது. கூட்டிக் கழித்தால் 40 நிமிடக் கேக் 32-லிருந்து 35-க்குள் முடிவது வழக்கம். ஆனால் உங்கள் பெட்டிக்கு அது 28 ஆகவும் இருக்கலாம். ஆகவே செய்முறை சொன்ன நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆனதும், அதாவது 26, 27 நிமிடத்தில், முதல் சோதனை. அதற்கு முன் கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கதவை முன்பே திறக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. முட்டையின் புரதமும் மைதாவின் மாச்சத்தும் வெந்து கட்டிப்படும் வரை கேக்கைத் தாங்கி நிற்பது உள்ளிருக்கும் சூடான வாயுக் குமிழிகள் மட்டும்தான். கதவு திறந்து சூடு இறங்கினால் குமிழிகள் சுருங்கும், நடு அமுங்கும். சின்னப் பெட்டியில் இருக்கும் காற்று கொஞ்சம் என்பதால் இழப்பும் பெரிது. இழந்ததை ஈடுகட்ட ராடுகள் பழுத்து எரியும்போது அதன் அடி கேக்கின் மேற்பரப்புக்கு. ஒவ்வொரு எட்டிப்பார்த்தலும் நடுவை அமுக்கி, தலையையும் கொஞ்சம் கறுக்க வைக்கிறது.

முதல் சோதனைக்காகக் கதவைத் திறக்கும் அதே தடவையில்தான் டின்னைத் திருப்ப வேண்டும். இரண்டு வேலைக்கு இரண்டு முறை திறப்பானேன்? மேற்பரப்பு இறுகி, இலேசான பொன்னிறம் ஏறி, டின்னை மெல்ல அசைத்தால் நடு ததும்பாமல் இருக்க வேண்டும். ததும்பினால் உடனே மூடிவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ததும்பாவிட்டால் கையுறையோடு டின்னைப் பிடித்து, முன்பக்கம் பின்னுக்கும் பின்பக்கம் முன்னுக்கும் வரும்படி அரைச்சுற்றுத் திருப்பி, குச்சியை நடுவில் விட்டுப் பார்த்துவிட்டு மூடுங்கள். எல்லாம் பத்துப் பதினைந்து நொடிக்குள் முடியவேண்டும். அதே சமயம் தலை போதுமான அளவு சிவந்துவிட்டது, குச்சியில் மட்டும் மாவு ஒட்டுகிறது என்றால், அலுமினியத் தாளை டின்னின் மேல் தளர்வாகக் குடைபோல் மூடலாம். தாள் ராடைத் தொடவே கூடாது, ஓரங்கள் டின்னில் அழுந்தி நிற்க வேண்டும். மின்விசிறி உள்ள பெட்டியில் தாள் பறந்து ராடில் ஒட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். டின்னுக்குள் போடும் பேக்கிங் பேப்பரும் விளிம்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து. ராடுக்கு அருகில் போன காகிதம் புகைந்து தீப்பிடிக்கும். விளிம்போடு வெட்டிவிடுங்கள். சாதாரண பட்டர் பேப்பரை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

ஏன் அரைச்சுற்று? முன்பக்கம் கண்ணாடிக் கதவு, சூடு அதன் வழியாகக் கசிகிறது. பின்பக்கம் உலோகச் சுவர், அது சூட்டைத் திருப்பி அனுப்புகிறது. எனவே பல பெட்டிகளில் பின்பக்கம் வேகமாகச் சிவக்கும். இடது வலதிலும் வேறுபாடு உண்டு. ராடின் நடுப்பகுதி பழுக்கும் அளவுக்கு அதன் இரு முனைகளும் பழுப்பதில்லை. உங்கள் பெட்டியின் குணத்தைத் தெரிந்துகொள்ள விலை குறைந்த வழி ஒன்று இருக்கிறது. கம்பி வலையை நீங்கள் வழக்கமாக மாட்டும் படியில் மாட்டி, அதன் மேல் ரொட்டித் துண்டுகளை இடைவெளி இல்லாமல் பரப்பி, 180-இல் சூடேறிய பெட்டியில் வையுங்கள். எங்கேயாவது நன்றாகச் சிவந்ததும் எல்லாவற்றையும் அதே வரிசையில் வெளியே எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். எந்த மூலை கறுத்தது, எது வெளுப்பாக நின்றது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். துண்டுகளைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பார்த்தால் கீழ் ராடின் நிலவரமும் தெரியும். மேலே கறுத்து அடி வெளுத்திருந்தால் வலை உயரமாக இருக்கிறது, மாறாக இருந்தால் தாழ்வாக இருக்கிறது. பின் இடது மூலைதான் கறுக்கிறது என்று தெரிந்துவிட்டால் டின்னை அந்த மூலையிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வைக்கலாம். இதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, அடுத்த கேக்குக்கும் உதவும்.

வெண்ணெய் பிஸ்கட்டுக்குத் திருப்பும் நேரம் வேறு. பிஸ்கட் உப்பி நிற்க வேண்டிய பொருள் இல்லை, எனவே பாதி நேரத்திலேயே பயமின்றித் திறந்து திருப்பலாம். திருப்பியே ஆகவேண்டும் என்றும் சொல்வேன். 12 முதல் 15 நிமிடம் என்று போட்டிருந்தால் 165 டிகிரியில் 5 நிமிடத்தில் தட்டைத் திருப்பி, 9-வது நிமிடத்திலிருந்து பக்கத்திலேயே நில்லுங்கள். மெல்லிய பொருளுக்கு இரண்டு நிமிடம் என்பது பெரிய காலம். ஓரம் பொன்னிறமாகி நடு இன்னும் வெளுப்பாக, தொட்டால் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். சூடான தட்டில் அது தொடர்ந்து வேகும், ஆறியபின் மொறுமொறுப்பாகும். மொறுமொறுப்பு வரட்டும் என்று உள்ளேயே விட்டால் அடி கசக்கும். சின்னத் தட்டில் எட்டு ஒன்பது பிஸ்கட்தான் கொள்ளும் என்பதால் பல ஈடு சுட வேண்டியிருக்கும். இரண்டு தட்டை ஒரே சமயத்தில் மேலும் கீழுமாக வைக்க ஆசைப்படாதீர்கள். மேல் தட்டு கீழ்த் தட்டுக்கு மேல்ராடை மறைக்கும், கீழ்த் தட்டு மேல் தட்டுக்குக் கீழ்ராடை மறைக்கும். முடிவில் இரண்டும் ஒரு பக்கம் மட்டும் வெந்திருக்கும். மிச்ச மாவு குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும். அடுத்த ஈட்டுக்கு முன் தட்டைத் தண்ணீரில் காட்டித் துடைத்து ஆறவைக்க வேண்டும். சூடான தட்டில் வைத்தால் வெண்ணெய் உருகிப் பிஸ்கட் அடுப்புக்குள் போகும் முன்பே பரந்துவிடும்.

நேற்று 33 நிமிடத்தில் வெந்த கேக் இன்று 40 ஆகியும் வேகவில்லை என்றால் மின்சாரத்தையும் சந்தேகிக்கலாம். ராடு தரும் சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 1200 வாட் தரும் பெட்டி, கோடை மாலையில் அழுத்தம் 200-க்கு இறங்கிவிட்டால் 900 வாட் சொச்சம்தான் தரும். பெட்டி சூடேற அதிக நேரம் எடுக்கும், ராடு செந்நிறத்துக்கே வராமல் மங்கலாக நிற்கும். அன்றைக்கு டைமரை நம்பாமல் தெர்மாமீட்டரையும் குச்சியையும் நம்புங்கள்.

நெருக்கமே நன்மை செய்யும் சமையலும் உண்டு. பனீர் டிக்கா, சீஸ் போட்ட டோஸ்ட், ஏற்கெனவே வெந்த கோழித் துண்டுக்கு மேல் நிறம் ஏற்றுவது இவற்றுக்கு உள்ளே மெதுவாக வேகவேண்டிய நடுப்பகுதி என்று ஒன்றுமில்லை. மேற்பரப்பு மட்டும் வேகமாகச் சிவந்தால் போதும். அங்கே வலையை மேல்படிக்கு ஏற்றி, மேல் ராடு மட்டும் எரியும்படி குமிழைத் திருப்பி, வெப்பத்தை 230-க்கு உயர்த்துங்கள். மசாலா தடவிய பனீரை ஒரே உயரத்தில் வெட்டி, ராடிலிருந்து 4 சென்டிமீட்டர் இருக்கும்படி பரப்பி, எண்ணெய் சொட்டினால் பிடிக்கக் கீழே தட்டு ஒன்று வையுங்கள். நாலு நிமிடத்தில் தட்டை அரைச்சுற்றுத் திருப்பி, இன்னும் மூன்று நிமிடம் கழித்து ஓரங்கள் கறுக்கத் தொடங்கியதும் எடுத்துவிடலாம். அதற்கு மேல் விட்டால் பனீர் தண்ணீரை இழந்து ரப்பராகும்.